கூகுள் கிளாஸ்ரூமில் முதல் வகுப்பு: நோட்டு இப்போது யார் கையில்?

மாணவர்களின் நோட்டுகளை வாங்கி மேசையில் அடுக்கி வைத்திருக்கும் ஆசிரியருக்கு ஒரு விஷயம் சொல்லாமலே தெரியும். நோட்டு தன் மேசையில் இருக்கும் வரை மாணவர் அதில் எதுவும் எழுத முடியாது. திருத்திக் கொடுத்த பிறகுதான் அவர் தம் மதிப்பெண்ணைப் பார்ப்பார். கூகுள் கிளாஸ்ரூமும் ஏறக்குறைய இதே முறையில்தான் இயங்குகிறது. ஆனால் நோட்டு கைமாறுவது கண்ணுக்குத் தெரியாததால், புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள். மதிப்பெண் போட்டுவிட்டேன் என்று ஆசிரியர் சொல்வார், எனக்கு எதுவும் வரவில்லை என்று மாணவர் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஆகவே வகுப்பு தொடங்குவது முதல் மதிப்பெண் கொடுப்பது வரையிலான படிகளை, ஒவ்வொரு கட்டத்திலும் மாணவர் திரையில் என்ன தெரிகிறது என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். பொத்தான்களின் பெயர்களைத் திரையில் உள்ளபடியே ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறேன். உங்கள் கணக்கின் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால் Turn in என்பது Hand in என்றும், Grades என்பது Marks என்றும் இருக்கும், வேலை ஒன்றுதான்.

கணக்கும் வகுப்பும்

முதலில் எந்தக் கணக்கில் நுழைகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பள்ளி மாணவர்களுக்குப் பாடம் நடத்த, பள்ளியின் பெயரில் பெற்ற Google Workspace for Education கணக்குதான் வேண்டும். தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்கு இதன் அடிப்படைப் பதிப்பு கட்டணமின்றிக் கிடைக்கிறது. சொந்த ஜிமெயில் கணக்கிலும் வகுப்பு தொடங்க முடியும் என்றாலும், பள்ளியில் மாணவர்களோடு பயன்படுத்தவில்லை என்று உறுதியளிக்கும் கட்டத்தில் டிக் செய்த பிறகுதான் அது உள்ளே விடும். பலர் படிக்காமலேயே அதை டிக் செய்துவிடுகிறார்கள். பள்ளிக்காகச் செய்பவர் அந்த இடத்தில் நின்று, பள்ளியின் கணினிப் பொறுப்பாளரிடம் ஒரு பள்ளிக் கணக்கைக் கேட்டுப் பெறுவதே முறை.

பள்ளிக் கணக்கில் `classroom.google.com` தளத்துக்கு முதன்முறை செல்லும்போது நீங்கள் ஆசிரியரா, மாணவரா என்று கேட்கும். அவசரத்தில் மாணவர் என்பதை அழுத்திவிட்டால் மேலே வலப்பக்கமுள்ள + குறியின் கீழ் Join class மட்டுமே தெரியும். Create class இருக்காது. இதை நீங்களாகச் சரிசெய்ய முடியாது, பள்ளியின் நிர்வாகிதான் உங்களை ஆசிரியர் பட்டியலில் சேர்க்க வேண்டும். பயிற்சி வகுப்புகளில், எனக்கு மட்டும் அந்தப் பொத்தானே இல்லையே என்று கை தூக்குபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

Create class அழுத்தியதும் வகுப்பின் பெயர், பிரிவு, பாடம், அறை ஆகிய நான்கையும் கேட்கும். பெயர் மட்டுமே கட்டாயம். அதில் வகுப்பு, பாடம், கல்வியாண்டு மூன்றும் இருக்கட்டும். “9-ஆ அறிவியல் 2025-26” என்று எழுதினால் அடுத்த ஆண்டு இதே பெயரில் இன்னொரு வகுப்பு வரும்போது குழப்பம் இருக்காது. வகுப்பு உருவானதும் Stream, Classwork, People, Grades என்று நான்கு பக்கங்கள் வரும். Stream அறிவிப்புப் பலகை. Classwork பக்கத்தில்தான் பாடப்பொருளும் ஒப்படைப்புகளும் இருக்கும். மற்ற இரண்டையும் பெயரைக் கொண்டே அறியலாம்.

மாணவர்களை அழைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பல்சக்கர வடிவில் இருக்கும் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து Stream என்ற வரியைப் பாருங்கள். மாணவர்கள் பதிவும் இடலாம், கருத்தும் இடலாம் என்பதே தொடக்க நிலை. இதை மாற்றாமல் முப்பத்தெட்டுப் பிள்ளைகளை உள்ளே அழைத்தால், காலை ஏழு மணிக்கு வரும் முப்பத்தெட்டு “குட் மார்னிங் டீச்சர்” பதிவுகளுக்கு அடியில் உங்கள் தேர்வு அறிவிப்பு புதைந்துபோகும். முதல் மாதம் Only teachers can post or comment என்று வைத்துவிட்டு, பிள்ளைகள் பழகிய பின் Students can only comment என்று தளர்த்தலாம். எல்லாவற்றையும் மூடி வைப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. ஐயம் கேட்க ஒவ்வொரு ஒப்படைப்பிலும் தனிக் கருத்துப் பெட்டி இருப்பதால் எதுவும் கெட்டுவிடாது என்பது என் எண்ணம்.

மாணவர்களைச் சேர்ப்பது

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. People பக்கத்தில் மாணவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை உள்ளிட்டு அழைப்பு அனுப்பலாம். அழைப்பு இணைப்பைப் பகிரலாம். அல்லது வகுப்புக் குறியீட்டைக் கொடுத்து அவர்களையே சேரச் சொல்லலாம். மின்னஞ்சல் வழியில் ஒரு குறை உண்டு. அழைத்தவுடன் பெயர்கள் பட்டியலில் வந்துவிடுவதால் எல்லோரும் சேர்ந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அந்தப் பெயர்கள் மங்கலாக, invited என்ற குறிப்போடு இருக்கும். மாணவர் அழைப்பைத் திறந்து Join அழுத்தும் வரை அவர் வகுப்பில் இல்லை. மின்னஞ்சலைத் திறக்கும் பழக்கமே இல்லாத பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இந்த வழி வாரக்கணக்கில் இழுக்கும்.

ஆகவே நேரில் சந்திக்கும் வகுப்புக்குக் குறியீடே நல்லது. எழுத்தும் எண்ணும் கலந்த அந்தச் சிறிய குறியீட்டைக் கரும்பலகையில் எழுதும்போது சிறிய எல் எழுத்தையும் ஒன்றாம் எண்ணையும் பிள்ளைகள் மாற்றிப் படித்துவிடுவார்கள். திரையில் பெரிதாகக் காட்டும் வசதி அமைப்புகளிலேயே உள்ளது. புரொஜெக்டர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மாணவர் தம் பக்கத்தில் + குறியை அழுத்தி, Join class தேர்ந்து, குறியீட்டை உள்ளிட்டால் போதும்.

இந்த இடத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது குறியீட்டினால் அன்று, கைபேசியினால். வீட்டில் இருப்பது அப்பாவின் கைபேசி. அதில் முதலில் இருப்பது அப்பாவின் ஜிமெயில். பிள்ளை செயலியைத் திறந்ததும் அந்தக் கணக்கே முன்னால் வந்து நிற்கும். பள்ளிக்கு வெளியேயான கணக்குகளைப் பள்ளியின் அமைப்பு பெரும்பாலும் அனுமதிக்காது என்பதால், குறியீடு சரியாக இருந்தும் வகுப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பொருளில் பிழை வரும். பிள்ளையும் குறியீட்டையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கும். வெளிக் கணக்குகளை அனுமதிக்கும் பள்ளியாக இருந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை: பட்டியலில் பிள்ளையின் பெயருக்குப் பதில் அப்பாவின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும், அந்தப் பெயரிலேயே ஒப்படைப்புகளும் வரும். எனவே குறியீட்டைச் சொல்வதற்கு முன், திரையின் மேல் வலப்பக்க மூலையிலுள்ள வட்டத்தைத் தொட்டு, பள்ளிக் கணக்கைச் சேர்த்து, அதற்கு மாறிய பிறகே Join class செல்லும்படி சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தனியாக எழுதிப் பெற்றோருக்கு அனுப்பியதில் என் கைபேசிக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் நின்றுபோயின.

வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் People பக்கத்தின் எண்ணிக்கையும் ஒத்துவந்ததும், அமைப்புகளில் Manage invite codes என்ற இடத்துக்குச் சென்று குறியீட்டை நிறுத்திவிடுங்கள். வாட்ஸப் குழுவில் போட்ட குறியீடு எங்கெல்லாம் போகும் என்று நம்மால் சொல்ல முடியாது. பிறகு புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு ஆசிரியரையும் இதே பக்கத்தில் சேர்த்து வைப்பது நல்லது. அவரால் ஒப்படைப்பு இடவும் திருத்தவும் முடியும். வகுப்பை அழிக்க மட்டும் முடியாது. நீங்கள் விடுப்பில் போகும் வாரத்தில் இதன் பயன் தெரியும்.

ஒப்படைப்பை இடுவது

ஒரு ஒப்படைப்பை முழுமையாகவே எடுத்துக்கொள்வோம். தனி ஊசலை வீட்டில் கட்டி அலைவு நேரத்தை அளக்க வேண்டும் என்பது பணி. 25, 50, 75, 100 செ.மீ. என நான்கு நீளங்களுக்கு, ஒவ்வொன்றிலும் 10 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, பத்தால் வகுத்து ஓர் அலைவின் நேரத்தை அட்டவணையில் எழுத வேண்டும். நீளம் நான்கு மடங்கானால் நேரம் எத்தனை மடங்காகிறது என்ற கேள்வி கடைசியில் இருக்கிறது. மொத்தம் 20 மதிப்பெண். இதற்கான வெற்று அட்டவணையைக் கூகுள் டாக்ஸில் ஒரு பக்கத் தாளாகத் தயாரித்து வைத்துக்கொள்கிறோம்.

Classwork பக்கத்தில் Create அழுத்தி Assignment தேர்ந்தால் ஒரு படிவம் திறக்கும். தலைப்பில் வரிசை எண்ணோடு “05 தனி ஊசல்” என்று எழுதினால் பின்னால் மதிப்பெண் பட்டியலில் தேடுவது எளிது. Instructions பகுதியில் என்ன செய்ய வேண்டும் என்பதோடு எதை ஒப்படைக்க வேண்டும் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். வலப்பக்கத்தில் மதிப்பெண் 100 என்று முன்னரே இருக்கும். அதை 20 ஆக்க வேண்டும். கெடு நாளைக் குறித்து நேரத்தைக் குறிக்காமல் விட்டால் அது இரவு 11.59 ஆகிவிடும். எட்டு மணிக்கு ஐயம் வந்தால் கேட்க ஆள் இருக்கும் என்பதால் நான் மாலை எட்டு மணி என்று வைப்பேன்.

இனித் தாளை இணைக்கும் இடம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் ஊன்றிப் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். டிரைவிலிருந்து தாளை இணைத்ததும் அதன் பக்கத்தில் ஒரு தேர்வுப் பெட்டி வரும். அதில் மூன்று நிலைகள். Students can view file என்றால் எல்லோரும் படிக்கலாம், யாரும் எழுத முடியாது. Students can edit file என்றால் வகுப்பு முழுவதும் அந்த ஒரே தாளில் எழுதும். Make a copy for each student என்றால் ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் தாங்கிய தனிப் படி கிடைக்கும். நமக்கு வேண்டியது மூன்றாவது. ஆனால் பெட்டி முதல் நிலையில்தான் நின்றுகொண்டிருக்கும், ஒப்படைப்பை இட்ட பிறகு மூன்றாவதற்கு மாற்ற முடியாது. முதல் ஆண்டில் நான் முதல் நிலையிலேயே விட்டு Assign அழுத்திவிட்டேன். அன்று மாலை என் மின்னஞ்சலில் தாளைத் திருத்த அனுமதி கேட்டு இருபதுக்கும் மேற்பட்ட வேண்டுகோள்கள். பதற்றத்தில் இரண்டாம் நிலைக்கு மாற்றினேன். அரை மணி நேரத்தில் ஒருவன் எழுதிய அளவீட்டை இன்னொருத்தி அழித்துத் தன்னுடையதை எழுதியிருந்தாள். மூன்றாவது ஆள் அட்டவணையையே நீக்கியிருந்தான். கடைசியில் அந்த ஒப்படைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இட வேண்டியதாயிற்று. அனுமதி வேண்டுகோள்கள் மின்னஞ்சலில் வந்து குவிந்தால் முதல் நிலையில் விட்டிருக்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளலாம். அப்போது இரண்டாம் நிலையை நாடாமல், யாரும் எழுதத் தொடங்கும் முன் அழித்து மறுபடி இடுவதே குறைந்த சேதம்.

தனிப் படி கொடுத்த பின் மூலத் தாளில் நீங்கள் செய்யும் திருத்தம் மாணவர்களிடம் ஏற்கெனவே போய்விட்ட படிகளில் வராது. எழுத்துப்பிழையையும் அட்டவணையின் வரிசைகளையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். மறுபுறம், இந்த முறையில் ஒரு நன்மையும் உண்டு: மாணவர் ஒப்படைக்கும் முன்பே அவருடைய படியைத் திறந்து எந்த அளவில் இருக்கிறார் என்று பார்க்க முடியும்.

எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை Rubric என்ற பகுதியில் முன்னரே வகுத்து இணைக்கலாம். நம் ஒப்படைப்பில் அளவீட்டுக்கு 8, கணக்கீட்டுக்கு 6, முடிவுக்கு 6. மாணவரும் இதை ஒப்படைப்பிலேயே பார்ப்பார். திருத்தத் தொடங்கிய பின் இதை மாற்ற முடியாது. சிறிய பணிகளுக்கு இது தேவையே இல்லை. மூன்று கூறுகளுக்கு மேல் வைத்தால் திருத்தும் நேரம்தான் கூடும்.

எல்லாம் சரி என்றால் Assign அழுத்துங்கள். அதன் பக்கத்து அம்புக்குறியில் Schedule இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எழுதி வைத்துத் திங்கட்கிழமை காலை வெளியாகச் செய்யலாம். இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே பணி என்றால் மேலே வகுப்பின் பெயர் உள்ள இடத்தில் இன்னொரு வகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒப்படைத்தல்

மாணவர் ஒப்படைப்பைத் திறந்து, தம் பெயருள்ள படியில் எழுதி, Turn in அழுத்துகிறார். அந்த நொடியில் நோட்டு நம் மேசைக்கு வந்துவிட்டது. அதற்குப் பின் அவரால் தாளைப் பார்க்க முடியும், எழுத முடியாது. தவறைக் கண்டுபிடித்துத் திருத்த நினைத்தால் Unsubmit அழுத்தித் திரும்ப எடுத்துக்கொண்டு, திருத்திய பின் மீண்டும் Turn in அழுத்த வேண்டும். கெடு முடிந்த பிறகு இப்படி எடுத்துத் திரும்பக் கொடுத்தால், முதலில் நேரத்துக்குள் கொடுத்திருந்தாலும் அது தாமதம் என்றே பதிவாகும். ஒரு எழுத்துப்பிழைக்காக எடுத்துவிட்டுத் தாமதக் குறி வாங்கி அழுத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். இதை வகுப்பில் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

மாணவர்கள் செய்யும் பிழைகள் இரண்டு, ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. முதலாவது, வேலையை முடித்து, படத்தையும் இணைத்து, Turn in அழுத்தாமல் செயலியை மூடிவிடுவது. உங்கள் பக்கத்தில் அவர் Assigned என்ற பட்டியலிலேயே இருப்பார், கெடு தாண்டியதும் சிவப்பில் Missing ஆவார். அவரோ அனுப்பிவிட்டேன் என்று சத்தியம் செய்வார். பெயரை அழுத்தி அவருடைய தாளைத் திறந்து பார்த்தால், எழுதி முடித்த அட்டவணை அங்கேயே இருக்கும். திட்டுவதற்கு முன் திறந்து பார்ப்பது நல்லது.

இரண்டாவது, தாள் எதுவும் இணைக்காத ஒப்படைப்புகளில் வருவது. நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால், படம் இணைக்காத நிலையில் மாணவருக்குத் தெரியும் பொத்தான் Mark as done. நோட்டில் எழுதி முடித்துவிட்டோமே என்று அதை அழுத்திவிடுவார்கள். உங்கள் பக்கத்தில் அதுவும் Turned in என்ற எண்ணிக்கையில்தான் சேரும். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஆகவே முப்பத்தெட்டில் முப்பத்தாறு வந்துவிட்டது என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிட வேண்டாம். படங்களின் கட்டங்களை ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

நோட்டுப் பக்கங்களைத் தனித்தனிப் படங்களாக அனுப்பினால் ஐந்து பக்கம் ஐந்து கோப்புகளாக, ஒன்று படுத்தும் ஒன்று தலைகீழாகவும் வரும். கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கேன் செய்யும் வசதி எல்லாப் பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கித் தரும். முதல் ஒப்படைப்பில் பத்து நிமிடம் செலவழித்து அதை வகுப்பில் செய்து காட்டினால் ஆண்டு முழுவதும் கழுத்தைச் சாய்க்காமல் திருத்தலாம்.

திருத்துவதும் திருப்பிக் கொடுப்பதும்

Classwork பக்கத்தில் ஒப்படைப்பைத் திறந்து Student work என்ற பகுதிக்குச் சென்றால் இடப்பக்கம் பெயர்களும் மதிப்பெண் கட்டங்களும், வலப்பக்கம் தாள்களின் சிறு படங்களும் இருக்கும். ஒரு படத்தை அழுத்தினால் தாள் பெரிதாகத் திறக்கும். அதன் பக்கத்திலேயே மதிப்பெண் இடும் கட்டமும், தனிக் கருத்துப் பெட்டியும், Rubric இருந்தால் அதுவும் வரும்.

ஒரு மாணவனின் ஊசல் தாளைப் பார்ப்போம். 50 செ.மீ. நீளத்துக்கு 10 அலைவுகளின் நேரம் 7.1 நொடி, ஓர் அலைவுக்கு 0.71 நொடி என்று எழுதியிருக்கிறான். சரியான விடை ஏறக்குறைய 14.2 நொடி. மற்ற மூன்று வரிசைகளிலும் எண்கள் சரிபாதியாகவே இருக்கின்றன. வேறு யாருடைய தாளையும் பார்த்து எழுதவில்லை என்பது தெளிவு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதையே ஓர் அலைவு என்று எண்ணியிருக்கிறான். போய்த் திரும்பினால்தான் ஓர் அலைவு. வகுத்தல் சரி. 25 செ.மீ.க்கும் 100 செ.மீ.க்கும் இடையில் நேரம் இரு மடங்காகிறது என்ற முடிவும் சரி, ஏனெனில் எல்லா எண்களும் ஒரே அளவில் குறைந்திருக்கின்றன. கணக்கீட்டுக்கு 6, முடிவுக்கு 6, அளவீட்டுக்கு 8-க்கு 2 என்று போட்டால் 14 ஆகிறது.

இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. 14 என்று இட்டு முடித்துவிடலாம். அல்லது மதிப்பெண் இடாமல், அட்டவணையின் அந்தக் கட்டத்தைத் தேர்ந்து, “ஊசல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் அலைவு, மீண்டும் அளந்து பார்” என்று கருத்து எழுதி Return அழுத்தலாம். நோட்டு அவன் கைக்குத் திரும்பிவிடுகிறது, அவனால் மீண்டும் எழுத முடிகிறது, அளந்து திருத்திய பின் Resubmit அழுத்துகிறான். 14.3 என்று வந்த புதிய தாளுக்கு 19 கொடுத்தேன். மதிப்பெண் இல்லாமல் திருப்பிக் கொடுக்கும் இந்த வசதியைப் பல ஆசிரியர்கள் பயன்படுத்துவதே இல்லை. முப்பத்தெட்டுப் பேருக்கும் இப்படிச் செய்ய நேரம் இருக்காது என்பது உண்மைதான். ஒரே தவறு தாள் முழுவதையும் கெடுத்திருக்கும் நான்கைந்து பேருக்குச் செய்தால் போதும்.

மதிப்பெண் இட்ட பிறகு கவனிக்க வேண்டியது அதன் பக்கத்தில் நிற்கும் Draft என்ற சொல். நீங்கள் எண்ணைத் தட்டியதும் அது உங்கள் திரையில் சேமிக்கப்படுகிறது. மாணவருக்கு அது தெரியாது. பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தை டிக் செய்து Return அழுத்தினால்தான் மதிப்பெண் அவருக்குப் போய்ச் சேரும். தொடக்கத்தில் சொன்ன, போட்டுவிட்டேன், வரவில்லை என்ற சண்டைக்கு மூலம் இந்தச் சொல்தான். இந்த ஏற்பாட்டினால் நன்மையும் உண்டு: எல்லோருடைய தாளையும் முடித்து, முதலில் திருத்திய ஐந்து தாள்களில் கை இறுக்கமாக இருந்ததா என்று திரும்பிப் பார்த்து, பிறகு அனைவரையும் சேர்த்துத் தேர்ந்து ஒரே நேரத்தில் திருப்பிக் கொடுக்கலாம்.

தனிக் கருத்துப் பெட்டிக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. அதில் எழுதி Post அழுத்தினால், நீங்கள் Return செய்யாவிட்டாலும், உடனே மாணவர் பார்ப்பார். தனிக் கருத்து அந்த மாணவருக்கும் வகுப்பின் ஆசிரியர்களுக்கும் மட்டும் தெரியும். ஒப்படைப்பின் கீழுள்ள வகுப்புக் கருத்து எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் மாற்றிப் போட்டு ஒரு பிள்ளையின் குறையை வகுப்புக்கே படித்துக் காட்டிவிடக் கூடாது. எழுதும் முன் private என்ற சொல் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மொத்த மதிப்பெண்ணில் காலிக் கட்டம்

Grades பக்கத்தில் மாணவர்கள் வரிசையாகவும் ஒப்படைப்புகள் பத்தியாகவும் ஒரே அட்டவணையில் இருப்பார்கள். மொத்த மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுவது என்பதை அமைப்புகளில் Grading பகுதியில் தேர்ந்தெடுக்கலாம். கணக்கிடவே வேண்டாம் என்று விடலாம். பெற்றதைக் கூட்டி மொத்தத்தால் வகுக்கும் Total points இருக்கிறது. தேர்வுக்கு இத்தனை விழுக்காடு, வீட்டுப்பாடத்துக்கு இத்தனை விழுக்காடு என்று பிரிக்கும் Weighted by category இருக்கிறது. கடைசி வழியில் விழுக்காடுகளின் கூட்டுத்தொகை 100 ஆக வேண்டும். முதல் ஆண்டுக்கு Total points போதும்.

இதில் ஏமாற்றுவது காலிக் கட்டம். ஒரு மாணவி ஊசலில் 20-க்கு 18, அலகுத் தேர்வில் 50-க்கு 40 பெற்றிருக்கிறாள். 20 மதிப்பெண்ணுள்ள மூன்றாவது ஒப்படைப்பைத் தரவே இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மொத்தம் 70-க்கு 58, அதாவது 82.9 விழுக்காடு. பூச்சியம் இட்டால் 90-க்கு 58, அதாவது 64.4 விழுக்காடு. காலியாக இருப்பது கணக்கிலேயே வராது என்பதுதான் காரணம். ஒப்படைக்காதவர் ஒப்படைத்துக் குறைந்த மதிப்பெண் வாங்கியவரைவிட மேலே நிற்கும் விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது. தராதவருக்குப் பூச்சியமும், மருத்துவமனையில் இருந்த பிள்ளைக்கு Excused என்ற குறியும் இட்டுவிட்டால் இரண்டும் வேறுவேறு என்பது அட்டவணையிலேயே தெரியும். இந்தக் கொள்கையைப் பருவத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பருவ முடிவில் பூச்சியம் இட்டு ஒரே நாளில் பதினெட்டு விழுக்காடு இறங்கினால் பெற்றோர் பள்ளிக்கு வந்துவிடுவார்கள்.

பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டுக்கு இவற்றை எடுத்துச் செல்ல, Student work பக்கத்தின் பல்சக்கரக் குறியில் Copy all grades to Google Sheets என்பதை அழுத்தினால் எல்லா ஒப்படைப்புகளின் மதிப்பெண்களும் ஒரு விரிதாளில் வந்துவிடும். அந்த விரிதாள் எடுத்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும், பின்னால் மாற்றும் மதிப்பெண்கள் அதில் தாமாக வந்து சேராது. எனவே எல்லாவற்றையும் Return செய்து முடித்த பிறகு எடுங்கள். ஆண்டு முடிந்ததும் வகுப்பின் அட்டையிலுள்ள மூன்று புள்ளிகளில் Archive தேர்ந்தால் வகுப்பு முன்பக்கத்திலிருந்து விலகிக்கொள்ளும். மாணவர்கள் பழைய பாடங்களைப் பார்க்க முடியும், புதிதாக எதையும் ஒப்படைக்க முடியாது. ஊசல் தாளின் மூலப் படி உங்கள் டிரைவில் அப்படியே இருக்கும். ஜூன் மாதம் புதிய வகுப்பில் Create அழுத்தி Reuse post வழியாக இந்த ஒப்படைப்பை எடுக்கும்போது, தேர்வுப் பெட்டி Make a copy for each student என்பதில்தான் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு Assign அழுத்துங்கள்.